லாட்ஜ் கிளையண்ட், முதல் மாசம்: என்ன கேக்கணும், எந்த அக்ஸஸ் வாங்கணும், எதை வெற்றின்னு எழுதிக்கணும்?

பாலாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

வேலூர்ல மூணு பேர் இருக்கிற சின்ன ஏஜென்ஸி எங்களுது. காந்தி ரோடு பக்கம் 24 ரூம் லாட்ஜ் ஒண்ணு அடுத்த திங்கக்கிழமை கையெழுத்தாகுது. கூகுள் விளம்பரம், மேப் லிஸ்டிங், வாட்ஸ்அப் விசாரணை மூணும் எங்க பொறுப்பு. தங்குறவங்க பெரும்பாலும் சிஎம்சிக்கு வர்ற நோயாளி குடும்பங்கள். ஓனர் சொல்றது ஒரே வரிதான்: "ரூம் எல்லாம் ஃபுல்லா ஓடணும்."

கையில 40 கேள்வி இருக்கிற ஒரு படிவம் வச்சிருக்கேன். அதை அப்படியே கொடுக்கலாமா? அக்ஸஸ் எதெல்லாம், யார் பேர்ல வாங்கணும்? முதல் மாசக் கடைசியில எதைக் காட்டி "வேலை நடந்திருக்கு"ன்னு சொல்றது? இந்த மூணுக்கும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரத்தினகிரி ரோடு

ரொம்ப யோசிக்காதீங்க பிரதர். ஜிமெயில், ஃபேஸ்புக், டொமைன் எல்லாத்தோட பாஸ்வேர்டையும் ஒரு எக்செல் ஷீட்ல வாங்கிடுங்க, அக்ஸஸ் வேலை அரை நாள்ல முடிஞ்சிடும். விளம்பரத்துல லொகேஷனை வேலூர்னு போட்டு Presence மட்டும் வைங்க. இல்லன்னா வெளியூர் கிளிக்குக்குக் காசு வீணாப் போகும். வெற்றின்னா "மாசம் இத்தனை லீட்"னு ஒரு நம்பர் எழுதிக்கங்க, போதும்.

கோட்டை அகழி

ரத்தினகிரி ரோடு நண்பர் சொன்ன லொகேஷன் அமைப்பு டிஃபன் கடைக்குச் சரி, ஏசி மெக்கானிக்குக்கும் சரி. இந்த லாட்ஜுக்கு அது அப்படியே தலைகீழ். ரூம் தேடுகிறவர் தேடும்போது வேலூரில் இருப்பதில்லை. கொல்கத்தாவிலோ ராஞ்சியிலோ குவாஹாட்டியிலோ வீட்டில் உட்கார்ந்து தேடுகிறார். வேலூரில் இருப்பவருக்கு மட்டும் என்று அடைத்துவிட்டால், காட்பாடியில் இறங்கிவிட்டு ரூம் இல்லாமல் நிற்பவர்கள்தான் கிடைப்பார்கள். அவர்களையும் பெரும்பாலும் ஆட்டோக்காரர் முந்திக்கொள்வார். இது வெறும் விளம்பர அமைப்பு பற்றிய பேச்சு இல்லை. "யார், எங்கிருந்து, எத்தனை நாள் முன்னால் ரூம் பேசுகிறார்கள்?" என்பதை முதல் சந்திப்பில் கேட்காமல் விட்டால் இந்த இடத்தில்தான் காசு கரையும்.

தம்பி பாலாற்றங்கரை, 40 கேள்விப் படிவம் வேண்டாம். அதை ஓனர் நிரப்ப மாட்டார். கல்லூரியில் படிக்கும் மகனிடம் கொடுப்பார், அவனும் வெப்சைட்டைப் பார்த்து எழுதித் தருவான். அதற்குப் பதில் கவுண்டரில் உட்கார்ந்து தங்குவோர் ரிஜிஸ்டரைப் பிரித்துப் பாருங்கள். கடைசி 90 நாள் போதும். ஊர், வந்த தேதி, போன தேதி மூன்றையும் எண்ணினாலே பாதிக் கேள்விக்கு விடை அதில் இருக்கும். ரிஜிஸ்டர் சொல்லாததை மட்டும் ஓனரிடம் கேளுங்கள். இந்த லாட்ஜுக்கு நான் கேட்கக்கூடியவை:

ரூமில் சமைக்க விடுவீர்களா, பொதுச் சமையலறை இருக்கிறதா? வாரக்கணக்கில் தங்கும் குடும்பம் வாடகைக்கு அடுத்தபடி கேட்பது இதைத்தான்.

மாடிக்கு லிஃப்ட் உண்டா, வீல் சேர் உள்ளே நுழையுமா? இல்லையென்றால் விளம்பரத்திலேயே கீழ்த்தள ரூம் எத்தனை என்று சொல்லிவிட வேண்டும். வந்து பார்த்துத் திரும்பிப் போகிறவர் மோசமான ரிவ்யூ எழுதிவிட்டுத்தான் போவார்.

வெளிநாட்டவரைச் சேர்ப்பீர்களா? பங்களாதேஷிலிருந்து வருபவர்கள் உண்டு. அவர்களைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிய வேண்டும், கவுண்டரில் சி-ஃபார்ம் என்பார்கள். அதைச் செய்யாத லாட்ஜுக்கு அந்தப் பக்கம் விளம்பரம் ஓட்டக்கூடாது.

ராத்திரி பத்து மணிக்கு போனை யார் எடுப்பார், அவருக்கு இந்தியோ வங்காளமோ வருமா? இதற்கு ஓனர் சொல்லும் பதிலை நம்ப வேண்டாம். வெவ்வேறு நேரத்தில் ஐந்து முறை நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள்.

ஆம்பூர் ஷூ

நல்ல இழை. எங்களுக்கு ஆம்பூர்ல ஷூ எக்ஸ்போர்ட் யூனிட். வெப்சைட் போட்டு ஒரு வருஷமாச்சு, ஐரோப்பாவுல இருந்து பையர் யாரும் வரல. இதே கேள்விகளை நாங்க எங்க ஏஜென்ஸிகிட்ட கேக்கணுமா? எத்தனை லீட் வந்தா சரின்னு யாராவது சொல்லுங்க.

கோட்டை அகழி

ஆம்பூர் சார், உங்களுடையது வேறு கணக்கு. வருஷத்துக்கு இரண்டு பையர் வந்தாலே உங்களுக்குப் போதும், அதற்கு மாத லீட் எண்ணிக்கை அளவாக இருக்க முடியாது. தனி இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.

லாட்ஜ் கவுண்டர்

நான் ஏஜென்ஸி இல்ல, கவுண்டர்ல உக்கார்ற ஆள். ஒரு கேள்வி விட்டுட்டீங்க. எந்த கேம்பஸ்? டவுன்ல இருக்கிற ஆஸ்பத்திரி ஒண்ணு, ராணிப்பேட்டை ஹைவே கேம்பஸ் ஒண்ணு. நிறைய பேருக்கு ரெண்டும் வேற வேற இடம்னே தெரியாது. அப்பாயின்ட்மென்ட் ராணிப்பேட்டை கேம்பஸ்ல இருக்கும், ரூமை காந்தி ரோட்ல போட்டுடுவாங்க. மறுநாளே காலி பண்ணுவாங்க, அட்வான்ஸை திருப்பிக் கேப்பாங்க. போன்ல முதல் கேள்வியே "அப்பாயின்ட்மென்ட் சீட்டுல எந்த இடம் போட்டிருக்கு?"ன்னு கேக்கச் சொல்லுங்க. வாட்ஸ்அப்ல சீட்டு போட்டோ வாங்கிட்டா இன்னும் நல்லது.

பாலாற்றங்கரை

இது படிவத்துல இல்லவே இல்ல அண்ணே, ரொம்ப நன்றி. அக்ஸஸ் பத்தியும் சொல்லுங்க. பாஸ்வேர்ட் ஷீட் வாங்குறதுல என்ன தப்பு? சீக்கிரம் முடியுமே?

கோட்டை அகழி

சீக்கிரம் முடியாது. பாஸ்வேர்ட் போட்டதும் ஓடிபி ஓனர் போனுக்கோ மகன் போனுக்கோ போகும். மகன் வகுப்பில் இருப்பான். புது கம்ப்யூட்டரிலிருந்து நுழைகிறீர்கள் என்று கூகுள் கணக்கையே பூட்டிவிடவும் கூடும். நாளைக்கு ஒப்பந்தம் முடிந்தால் யார் என்ன மாற்றினார்கள் என்று நிரூபிக்க வழி இருக்காது. பாஸ்வேர்டே வேண்டாம், அழைப்பு அனுப்பச் சொல்லுங்கள்.

மேப் லிஸ்டிங்: இங்கேதான் அதிக நாள் ஓடும், அதனால் முதல் நாளே தொடங்குங்கள். லாட்ஜ்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, Primary owner ஆக இருப்பவர் ஓனர் அல்ல, எப்போதோ போர்டு அடித்துக் கொடுத்த டிசைனர். அவர் கிடைத்தால் ஓனருடைய மெயிலை Owner ஆகச் சேர்க்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்த ஓனர் ஏழு நாள் கழித்துத்தான் பழையவரை நீக்கவோ முதன்மை உரிமையைத் தன் பேருக்கு மாற்றவோ முடியும். அந்த ஏழு நாளை உங்கள் கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள். உங்களுக்கு Manager போதும். தகவல் திருத்தவும் ரிவ்யூவுக்குப் பதில் எழுதவும் முடியும், ஆட்களைச் சேர்க்க நீக்க மட்டும் முடியாது. அந்த அதிகாரம் உங்களுக்குத் தேவையும் இல்லை.

கூகுள் விளம்பரக் கணக்கு: லாட்ஜ் பேரில் இருக்கட்டும். உங்கள் மேனேஜர் கணக்கிலிருந்து அவர்களுடைய பத்து இலக்க எண்ணுக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்புங்கள், அவர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். புதிதாகத் திறந்தால் கரன்சியை ரூபாய் என்று சரியாகப் போடுங்கள், பிறகு மாற்ற முடியாது. இன்னொரு சிக்கல் பெயரில் வரும். போர்டில் ஒரு பெயர், ஜிஎஸ்டி சான்றிதழில் ஓனரின் அப்பா பெயரில் ஒரு நிறுவனம். கூகுள் விளம்பரதாரர் சரிபார்ப்பு கேட்கும்போது ஆவணத்தில் உள்ள பெயரும் பேமென்ட் ப்ரொஃபைலில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். கெடுவுக்குள் முடிக்காவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். ஜிஎஸ்டி சான்றிதழையும் பான் கார்டையும் முதல் சந்திப்பிலேயே பார்த்துவிடுங்கள்.

வெப்சைட் இருந்தால் அனலிட்டிக்ஸில் Editor வாங்குங்கள். வாங்கிய அன்றே Data retention அமைப்பைத் திறந்து பாருங்கள். யாரும் தொடாமல் இருந்தால் 2 மாதம் என்று இருக்கும், 14 மாதமாக மாற்றுங்கள். அழிந்து போனது திரும்பி வராது, அதனால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில், எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதை எழுதி வாங்கினால் போதும். ஃபேஸ்புக் பக்கத்துக்கு பார்ட்னர் அக்ஸஸ் கேளுங்கள். இந்த வேலையில் அது அவசரம் இல்லை.

ரத்தினகிரி ரோடு

லொகேஷன் விஷயம் ஒத்துக்கறேன், நான் லோக்கல் கடைகளை நினைச்சுச் சொல்லிட்டேன். ஆனா லீட் எண்ணிக்கை விஷயத்துல நான் மாற மாட்டேன். ஓனருக்குப் புரியுற ஒரே நம்பர் அதுதான்.

ஆற்காடு அக்கா

லீட்னு எதைச் சொல்றீங்க தம்பி? போன் வந்தாலே லீட்டா? "ரூம் என்ன ரேட்டு"ன்னு கேட்டுட்டு வைக்கிறவரும் லீட்டா? நான் கணக்குப் பார்க்கிற ஆள், அதனால கேக்கறேன். ஓனர் கல்லாப்பெட்டியில லீட் விழாது. பாலாற்றங்கரை, ரிஜிஸ்டர் எண்ணிட்டீங்கன்னா நம்பரை இங்க போடுங்க. ரூம் வாடகை, உங்க ஃபீஸ், விளம்பர பட்ஜெட் எல்லாத்தையும் போடுங்க. போட்டுப் பாத்துடலாம்.

பாலாற்றங்கரை

நேத்து மூணு மணி நேரம் உக்காந்து எண்ணினோம் அக்கா. 90 நாள்ல இருக்கிற மொத்த ரூம் இரவு 2,160. அதுல ஓடினது 1,290. அதாவது கிட்டத்தட்ட 60 சதவீதம்.

போன மாசம் மட்டும் 74 குடும்பம். எப்படி வந்தாங்கன்னு எழுத ரிஜிஸ்டர்ல தனி காலம், கட்டம் எதுவும் இல்ல. மேனேஜர் போனையும் ஞாபகத்தையும் வச்சுப் பிரிச்சார்: மறுபடி செக்கப்புக்கு வந்த பழையவங்க 27, ஆட்டோ, புரோக்கர் மூலமா 23, புக்கிங் சைட் 9, மேப்பையோ வெப்சைட்டையோ பாத்து நேரா கூப்பிட்ட புதுசு 15. புதுசா வர்றவங்க சராசரியா 6 இரவு தங்குறாங்க.

வாடகை 900. துணி வெளுக்க, தண்ணி, கரண்ட்னு ஒரு இரவுக்கு 150 செலவுங்கறார். புரோக்கருக்கு இரவுக்கு 150. விளம்பரம் தினம் 500 ரூபா பேசியிருக்கோம். எங்க ஃபீஸ் 18,000, நாங்க இன்னும் ஜிஎஸ்டி எடுக்கல.

ஆற்காடு அக்கா

சரி, பாருங்க. தினம் 500ன்னா கூகுள் மாசத்துக்கு 30.4 மடங்கு வரை எடுக்கும், 15,200. அதுமேல ஜிஎஸ்டி 18 சதவீதம், 2,736. ஓனர் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு எடுக்கிறாரான்னு அவர் ஆடிட்டர்கிட்ட கேளுங்க, எடுக்கலன்னா இதுவும் செலவுதான். உங்க ஃபீஸ் 18,000. மொத்தம் 35,936.

ஒரு புது இரவுக்கு ஓனர் கையில நிக்கறது 900ல 150 போக 750. 35,936ஐ 750ஆல வகுத்தா 48 இரவு. 6 இரவு ஒரு குடும்பம்னா 8 குடும்பம். ஆக, நேரா வர்ற புதுசு 15ல இருந்து 23 ஆனாத்தான் ஓனருக்குப் போட்ட காசு திரும்பும். லாபம் அதுக்கு மேலதான். "மூணாவது மாசம் 23"னு இலக்கு எழுதி, அதை அடிச்சுட்டு நீங்க கை தட்டினா, ஓனர் கணக்குல அது சுழியம்.

இன்னொண்ணு, இது பெரிசு. அந்த 8 குடும்பமும் ஏற்கனவே ஆட்டோ மூலமா வர வேண்டியவங்களா இருந்தா? அப்ப ரூம் புதுசா ஓடல, கமிஷன் மட்டும்தான் மிச்சம். குடும்பத்துக்கு 6 இரவு, இரவுக்கு 150, 900 ரூபா. புதுக் குடும்பம்னா 4,500, மாறி வந்த குடும்பம்னா 900. மாறி வந்தவங்களை வச்சே செலவை எடுக்கணும்னா 40 குடும்பம் வேணும். புரோக்கர் மூலமா வர்றதே 23தான்.

அதனால ஒரு நம்பர் பத்தாது. நேரா வந்த புதுக் குடும்பம் எத்தனைன்னு ஒண்ணு, மாசத்துல ஓடின மொத்த ரூம் இரவு எத்தனைன்னு ஒண்ணு. முதலாவது ஏறி ரெண்டாவது அசையலன்னா, நீங்க ஆட்டோக்காரர் ஆளைத்தான் இந்தப் பக்கம் திருப்பியிருக்கீங்க.

ரத்தினகிரி ரோடு

அக்கா, 40 கணக்கு நியாயம்தான். லீட் வாதத்தை வாபஸ் வாங்கிக்கறேன்.

பாலாற்றங்கரை

அக்கா, ஓனர்கிட்ட 22ன்னு சொல்லலாம்னு இருந்தேன். நல்லவேளை.

இப்ப எப்படிப் பிரிச்சு எண்ணுறது? கவுண்டர்ல "எங்க பாத்து வந்தீங்க"ன்னு கேட்டா எல்லாரும் "கூகுள்"னு சொல்வாங்க. மேப்பா விளம்பரமான்னு அவங்களுக்குத் தெரியாது.

கோட்டை அகழி

கேட்டு எண்ண வேண்டாம். வரும் வழியையே பிரித்து வைத்துவிடுங்கள். விளம்பரத்துக்கு மட்டும் ஒரு தனி சிம், லாட்ஜ் பேரில் வாங்கியது. உங்கள் பேரில் வாங்காதீர்கள், பிரியும் நாளில் அதுவே தகராறு. மேப்பில் பழைய எண்ணே இருக்கட்டும். வாட்ஸ்அப்புக்கு, வரும் செய்தியிலேயே குறி விழுகிற மாதிரி இணைப்புக் கொடுங்கள். விளம்பரத்துக்கு G1, மேப்புக்கு M1, வெப்சைட்டுக்கு W1:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=Room%20enquiry%20G1
```

அழுத்தியதும் "Room enquiry G1" என்று தயாராக வந்து நிற்கும். சிலர் அதை அழித்துவிட்டு வேறு எழுதுவார்கள், அந்த இழப்பை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ரிஜிஸ்டரில் ஒரே ஒரு காலம் சேருங்கள்: G, M, W, புரோக்கருக்கு B, புக்கிங் சைட்டுக்கு S, பழையவருக்கு P. பழைய ஆள் விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிட்டாலும் P தான். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்றாம் மாதம் சண்டை.

லாட்ஜ் கவுண்டர்

காலம் சேக்கறது சுலபம், நிரப்புறது கஷ்டம். காலையில ரயில் வந்ததும் ஆறு குடும்பம் பெட்டியோட நிக்கும். நோயாளியை உக்கார வைக்க இடம் பாக்கறதா, காலம் நிரப்புறதா? செக்-இன் நேரத்துல கேக்கச் சொல்லாதீங்க. போன்ல ரூம் பேசும்போதே குறியைப் போட்டு வச்சா, வந்ததும் பேரைப் பாத்து எழுதிடலாம். தினம் ராத்திரி காலியா இருக்கிற கட்டத்தை நீங்க ஒரு போன் போட்டு நிரப்பிடுங்க. மறுநாள் கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கோட்டை அகழி

இதைவிடச் சரியாக நான் சொல்ல முடியாது.

அப்படியானால் முதல் மாதத்துக்கு எழுத வேண்டிய அளவு புக்கிங் இலக்கு அல்ல. மேனேஜர் ஞாபகத்திலிருந்து சொன்ன 15 உண்மையில் 11 ஆகவும் இருக்கலாம், 20 ஆகவும் இருக்கலாம். அந்த எண் மீது இலக்கு கட்டினால் நீங்கள் ஒன்றும் செய்யாமலே ஜெயிக்கலாம், எல்லாம் செய்தும் தோற்கலாம். முதல் மாதத்துக்கு நான் மூன்றை மட்டும் எழுதுவேன். பத்தாம் தேதிக்குள் மேப் தவிர எல்லா அக்ஸஸும் வந்திருக்க வேண்டும். மேப் உரிமை இருபதாம் தேதிக்குள். வருகிற பத்து போனில் குறைந்தது ஒன்பது எடுக்கப்பட வேண்டும், அல்லது பதினைந்து நிமிடத்தில் திருப்பிக் கூப்பிடப்பட வேண்டும். செக்-இன்களில் நூற்றுக்கு 95-க்கு காலம் நிரம்பியிருக்க வேண்டும். அக்ஸஸ் இருவர் பொறுப்பு, போன் லாட்ஜ் பொறுப்பு, காலம் நிரப்புவதும் இருவர் பொறுப்பு. யார் பொறுப்பு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். மாதக் கடைசியில் கிடைக்கும் எண்ணை அடிப்படையாக வைத்து மூன்றாம் மாத இலக்கில் கையெழுத்து.

விளம்பரம் மூன்றாம் வாரம் தொடங்கினால் போதும். ஐந்து சோதனை அழைப்பில் இரண்டை யாரும் எடுக்கவில்லை என்றால், அதைச் சரிசெய்யும் முன் விளம்பரம் ஓட்டுவது தண்ணீரை ஓட்டைக் குடத்தில் ஊற்றுவது.

ரத்தினகிரி ரோடு

இதுல மட்டும் நான் உடன்படல. மூணாவது வாரம் வரை விளம்பரமே இல்லன்னா ஓனர் முதல் மாச ஃபீஸ் கொடுக்கும்போது முகம் சுளிப்பார். இங்க பல ஓனர் அப்படித்தான். முதல் வாரமே தினம் 200 ரூபாய்க்கு ஓட்டுங்க. என்ன தேடுறாங்கங்கற சொற்களாவது கிடைக்கும், அதுவும் ஆராய்ச்சிதானே?

ஆற்காடு அக்கா

அதுல நியாயம் இருக்கு. ஆனா தனி சிம்மும் காலமும் தயாராகாம ஓட்டினா, அந்த 200ல என்ன கிடைச்சதுன்னு சொல்ல முடியாது. முதல் மாச ஃபீஸைப் பாதியாக்கி மிச்சத்தை மூணாவது மாசத்துல வாங்கிக்கறது நல்லதுன்னு எனக்குத் தோணுது.

கோட்டை அகழி

ஃபீஸைக் குறைப்பதை நான் ஏற்க மாட்டேன். முதல் மாதம்தான் அதிக உழைப்பு. தேடும் சொற்களுக்காகச் சிறிய தொகையில் ஓட்டுவதை ஏற்கிறேன், சிம் கையில் வந்த பிறகு. எழுதும் வாசகத்தில் ஒரு எச்சரிக்கை: "சிஎம்சி அருகில்" என்று சொல்லலாம், ஆஸ்பத்திரியே நடத்தும் தங்குமிடம் என்று நினைக்க வைக்கிற வரி ஒன்றுகூட இருக்கக்கூடாது. விளம்பரம் நிராகரிக்கப்படும், அதைவிட நோயாளியை ஏமாற்றுவது தவறு.

பாலாற்றங்கரை

ஒரு சிக்கல் இன்னும் பாக்கி. மேப் லிஸ்டிங் நிஜமாவே பழைய டிசைனர் மெயில்லதான் இருக்கு, அவர் போன் எடுக்கல. இன்னொண்ணு, ஆறு மாசம் கழிச்சு செக்கப்புக்குத் திரும்பி வர்ற குடும்பம் முதல் தடவை விளம்பரத்துல வந்ததா இருந்தா, அது யார் கணக்கு?

கோட்டை அகழி

முதலாவதுக்கு, ஓனருடைய மெயிலில் நுழைந்து மேப்பில் லாட்ஜைத் திறந்து உரிமைக் கோரிக்கை அனுப்புங்கள். டிசைனருக்கு மெயில் போகும். அவர் பதில் தராவிட்டால் கோரிக்கை அனுப்பிய பக்கத்திலேயே அடுத்த வழி காட்டும், சரிபார்ப்பு கேட்கும். பெயர்ப்பலகை, கவுண்டர், ரூம் சாவி எல்லாம் தெரிகிற மாதிரி வீடியோ எடுக்கச் சொல்லலாம். அதனால் கோரிக்கையை ஓனர் லாட்ஜில் இருக்கும் நாளில் போடுங்கள். அவசரப்பட்டு அதே லாட்ஜுக்குப் புது லிஸ்டிங் போட்டுவிடாதீர்கள். இரட்டை என்று முடக்கப்படும், பழைய ரிவ்யூக்களும் உங்களோடு வராது.

இரண்டாவதுக்கு, நான் P என்றே வைப்பேன்.

ஆற்காடு அக்கா

நான் வைக்க மாட்டேன். முதல் தடவை விளம்பரத்துல வந்த குடும்பம் ஒரு வருஷத்துல மூணு தடவை வந்தா ஓனருக்கு 18 இரவு. அதை ஏஜென்ஸி கணக்குல காட்டாம விட்டா 8 குடும்பம்ங்கற கணக்கே கடுமையாகுது. முதல்ல விளம்பரத்துல வந்த பழையவங்க P1, மத்த பழையவங்க P2ன்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க, யாருக்குன்னு அப்புறம் பேசிக்கலாம்.

லாட்ஜ் கவுண்டர்

ரெண்டா பிரிக்கச் சொன்னா எங்க நைட் ஆள் ரெண்டுக்கும் P தான் போடுவார். பழையவங்க முதல்ல எப்போ வந்தாங்கன்னு பேரை வச்சுப் பழைய ரிஜிஸ்டர்ல நீங்களே தேடிக்கங்க.

பாலாற்றங்கரை

சரி அண்ணே, P ஒண்ணே போதும், தேடுற வேலை எங்களுது. வியாழக்கிழமை ஓனர் லாட்ஜ்ல இருக்கார். அன்னைக்கு உரிமைக் கோரிக்கை போட்டுட்டு, ஜிஎஸ்டி சான்றிதழைப் பாத்துட்டு, சிம்முக்கு அவரோட கையெழுத்து வாங்கிட்டு வந்து எழுதறேன்.